இருமல் சிரப் இல்லாமல் ஒரு ராத்திரி: கைக்குழந்தையோடு மலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கோத்தகிரியில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். டிசம்பர் பிறந்துவிட்டால் ஊருக்குப் புதிதாக வந்தவர்களைக் கடை வாசலிலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம். பிள்ளைக்கு மூன்று ஸ்வெட்டர், அதன்மேல் ஒரு சால்வை, மூக்கு நுனி மட்டும் தெரிகிற மாதிரி குரங்குக் குல்லா. கேட்பதும் ஒன்றுதான்: "அக்கா, இருமலுக்கு நல்ல டானிக்கா ஒண்ணு குடுங்க."

போன குளிர்காலத்தில் அப்படி வந்தவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒரு குடும்பத்துத் தாய். மலைக்கு வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. மகளுக்கு ஒன்றரை வயது, எடை பத்து கிலோ. சளி பிடித்து மூன்றாவது நாள். ஷட்டரை இறக்கப்போகும் நேரத்தில் வந்து, துணிப்பையிலிருந்து இரண்டு பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று ஊரிலிருந்து கொண்டுவந்த ஆரஞ்சு நிறச் சளி சிரப், இன்னொன்று காய்ச்சல் சிரப். "ரெண்டையும் குடுக்கறேன், இருமல் நிக்கவே இல்ல. இதவிட ஸ்ட்ராங்கா இருக்கா?" என்று கேட்டார்.

அதைவிட ஸ்ட்ராங்காக ஒன்றும் தேவைப்படவில்லை. இருந்த இரண்டில் ஒன்றை நிறுத்தவேண்டியிருந்தது. அன்று ராத்திரி அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள்

சளி சிரப்பின் முன்பக்கத்தில் பெயரும் பழத்தின் படமும் இருக்கும். விஷயம் பின்பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது. 'ஒவ்வொரு 5 மி.லி.யிலும்' என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். அந்தத் தாய் கொண்டுவந்த பாட்டிலில் மூன்று பெயர்கள் இருந்தன: குளோர்பெனிரமின் 2 மில்லிகிராம், பினைல்எப்ரின் 5 மில்லிகிராம், பாராசிட்டமால் 125 மில்லிகிராம்.

மூன்றாவது பெயரைக் கவனியுங்கள். காய்ச்சல் சிரப்பில் இருப்பதும் அதே பாராசிட்டமால்தான். அவருடைய காய்ச்சல் சிரப் 5 மி.லி.க்கு 250 மில்லிகிராம் உள்ள வகை. பாராசிட்டமாலைப் பிள்ளையின் எடையை வைத்துக் கணக்கிடுவோம். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். பத்து கிலோ பிள்ளைக்கு 150 மில்லிகிராம், அதாவது அந்த சிரப்பில் 3 மி.லி. அவர் கொடுத்ததும் சரியாக 3 மி.லி.தான், அதில் தப்பே இல்லை. ஆனால் கூடவே சளி சிரப்பில் ஒரு மூடி, 5 மி.லி. அதிலிருந்து இன்னொரு 125 மில்லிகிராம். ஒரு வேளைக்கு 275. நாளைக்கு நான்கு முறை கொடுத்ததால் 1,100 மில்லிகிராம். பத்து கிலோ எடைக்கு ஒரு நாளின் உச்ச அளவு 600-ஐ ஒட்டித்தான் இருக்கவேண்டும். தனக்குத் தெரியாமலே கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கொடுத்துக்கொண்டிருந்தார். இப்படி நாள்கணக்கில் போனால் அடி வாங்குவது கல்லீரல்.

கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டியதும் அவர் முகம் வெளிறிவிட்டது. அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரே பொருள் இரண்டு பெயரில், இரண்டு நிறத்தில் வந்தால் யாருக்குத்தான் தெரியும்? எத்தனை நாளாகக் கொடுத்தார் என்று கேட்டேன். முந்தின நாள் காலையிலிருந்து என்றார். எனவே அவரை அங்கேயே உட்கார வைத்து, குழந்தை மருத்துவரைப் போனில் பிடித்தேன். பிள்ளை தெளிவாக இருக்கிறாளா, வாந்தி உண்டா என்று கேட்டுவிட்டு, இரண்டு மருந்தையும் இன்று ராத்திரி நிறுத்தச் சொன்னார். காலையில் நேரில் கூட்டிவரவும் சொன்னார். உங்களுக்கும் இப்படி நேர்ந்துவிட்டால் நீங்களே கணக்குப் போட்டுச் சமாதானம் ஆகிவிடாதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

மற்ற இரண்டு பெயர்கள் என்ன செய்கின்றன?

குளோர்பெனிரமின் ஒவ்வாமைக்கான மருந்து. தும்மலும் அரிப்பும் ஒவ்வாமையால் வந்தால் கேட்கும். பிள்ளைகளுக்கு வருகிற சளி பெரும்பாலும் வைரஸால் வருவது, அதில் இதற்குப் பெரிய வேலை இல்லை. இது உருப்படியாகச் செய்யும் ஒரே காரியம் தூங்க வைப்பது. சில பிள்ளைகளை நேர்மாறாக, ராத்திரி முழுக்கத் துள்ளவும் வைக்கும். கூடவே சளியை வறளச் செய்து கெட்டியாக்கிவிடும். கெட்டியான சளியை இருமி வெளியே தள்ளுவது பிள்ளைக்கு இன்னும் பாடு.

பினைல்எப்ரின் மூக்கடைப்புக்கு என்று சேர்ப்பது. வாய்வழியாகக் கொடுத்தால் அது மூக்கடைப்பைக் குறைப்பதில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் ஆலோசனைக் குழு 2023 செப்டம்பரில் ஒருமனதாகச் சொன்னது. அது பெரியவர்களை வைத்துச் செய்த ஆய்வுகளைப் பார்த்துச் சொன்ன முடிவு. நெஞ்சுப் படபடப்பையும் எரிச்சலையும் தரக்கூடிய ஒரு மருந்தை, பெரியவர்களுக்கே கேட்காதபோது பத்து கிலோ பிள்ளைக்கு எதற்குக் கொடுக்கவேண்டும்?

வேறு சில பாட்டில்களில் டெக்ஸ்ட்ரோமெத்தோர்ஃபான் இருக்கும். இருமலை அடக்கும் மருந்து. அடக்குவது நல்லதுதானே என்று தோன்றும். சிறு பிள்ளையின் மூச்சுக்குழாய் மெல்லியது, கொஞ்சம் சளி தேங்கினாலே அடைத்துக்கொள்ளும். அதைத் தள்ளி வெளியேற்ற அதனிடம் இருக்கிற ஒரே துடைப்பம் இருமல். அந்த மருந்து அளவு மீறிப் போனால் மந்தமும் தள்ளாட்டமும் வரும், மூச்சே மெதுவாகிவிடும். அதை உடைத்து வெளியேற்றும் வேகமும் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு மிகையாகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கோடீன் கலந்த சிரப் என்றால் பேச்சே இல்லை, 12 வயதுக்குக் கீழ் கூடவே கூடாது.

"ஆனா போன தடவ குடுத்தப்போ கேட்டுச்சே" என்பார்கள். சளிக்கு ஒரு கால அட்டவணை உண்டு. முதல் நாள் மூக்கு ஒழுகும், இரண்டாவது, மூன்றாவது நாளில் உச்சத்துக்குப் போகும், அப்புறம் தானாக இறங்கும். பெற்றோர் பொறுமை இழந்து கடைக்கு வருவது எப்போதும் அந்த மூன்றாவது நாளில்தான். நான்காவது நாள் எதைக் கொடுத்திருந்தாலும், ஒன்றுமே கொடுக்காமல் இருந்திருந்தாலும், கொஞ்சம் தேவலையாகத்தான் இருக்கும். நல்ல பெயர் மட்டும் சிரப்புக்குப் போய்விடுகிறது. மூக்கு ஒழுகுவது நின்ற பிறகும் இருமல் இரண்டு வாரம், சிலருக்கு மூன்று வாரம்கூட இழுக்கும். இது தெரியாததால்தான் பாட்டில் மாற்றிப் பாட்டில் வாங்குகிறார்கள்.

அரசு என்ன சொல்லியிருக்கிறது

2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, குளோர்பெனிரமினும் பினைல்எப்ரினும் சேர்ந்த கலவையை 4 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பயன்படுத்தக்கூடாது என்று லேபிளில் அச்சிடச் சொன்னது. 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை இன்னும் ஒரு படி மேலே போனது. 2 வயதுக்குக் கீழ் இருமல், சளி மருந்துகளை எழுதவும் கூடாது, விற்கவும் கூடாது. 5 வயதுக்குக் கீழ் பொதுவாகவே பரிந்துரைப்பதில்லை. அதற்கு மேல் என்றால் மருத்துவர் பார்த்து, குறைந்த அளவில், குறைந்த நாளுக்கு, பல மருந்துக் கலவையைத் தவிர்த்துக் கொடுக்கலாம். இங்கிலாந்தில் 2009 முதலே 6 வயதுக்குக் கீழ் இவை வேண்டாம் என்றுதான் இருக்கிறது.

2025 அக்டோபரின் அந்த அறிவிப்புக்குப் பின்னால் மத்தியப் பிரதேசத்தில் பிள்ளைகள் இறந்த சோகம் இருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஒரு சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற தொழிற்சாலை ரசாயனம் கலந்திருந்தது. சிரப்பை இனிப்பாகவும் கொழகொழவென்றும் வைக்கச் சேர்க்கிற கிளிசரின் போன்ற திரவங்களில், சோதனை ஒழுங்காக இல்லாவிட்டால் இது நுழைந்துவிடும். சிறுநீரகத்தை அழித்துவிடும் விஷம் அது. நிறத்திலோ ருசியிலோ வித்தியாசம் தெரியாது, கடையில் நிற்கிற என்னாலும் பாட்டிலைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எல்லாச் சிரப்பும் விஷம் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பயனே இல்லாத ஒரு மருந்துக்காகச் சின்ன ஆபத்தைக்கூட ஏன் எடுக்கவேண்டும் என்பதுதான் என் கேள்வி. ஏதாவது சிரப் குடித்த பிள்ளைக்கு வாந்தி வந்து சிறுநீர் குறைந்துபோனால் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இளைப்பு உள்ள பிள்ளைக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த இன்ஹேலரோ மருந்தோ இந்தக் கணக்கில் வராது. இதைப் படித்துவிட்டு அதை நிறுத்தக்கூடாது.

அப்படியானால் ராத்திரிக்கு என்ன செய்வது?

அந்தத் தாய் வாங்கிப் போனது ஒரே ஒரு பொருள்: மூக்குக்கான உப்புநீர்ச் சொட்டு. லேபிளில் 'சோடியம் குளோரைடு 0.65 சதவீதம்' என்று இருக்கும். இதைக் கேட்டு வாங்கும்போது எச்சரிக்கையாக இருங்கள். 'மூக்கடைப்புக்கு டிராப்ஸ்' என்று மொட்டையாகக் கேட்டால் சைலோமெட்டசோலின் அல்லது ஆக்சிமெட்டசோலின் உள்ள பாட்டில் கைக்கு வரலாம். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி குட்டிப் பாட்டில். பின்னது ரத்தக்குழாயைச் சுருக்கும் மருந்து, சிறு பிள்ளைக்கு நாமாகப் போடக்கூடாது. மூலப்பொருள் வரியில் சோடியம் குளோரைடு தவிர வேறு மருந்தின் பெயர் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வீட்டிலேயே உப்புக் கரைத்துப் போடலாமா என்று கேட்பார்கள். முடியும், ஆனால் ஸ்பூனில் உப்பின் அளவு எளிதாகக் கூடிப்போய் மூக்கு எரியும். கடையில் மலிவாகக் கிடைப்பதை வாங்கிவிடுவதே நல்லது.

போடுகிற விதம் இதுதான். மலையில் பாட்டில் எந்நேரமும் ஜில்லென்று இருக்கும், அப்படியே விட்டால் பிள்ளை வீறிட்டுவிடும். உள்ளங்கையில் பொத்தி இரண்டு நிமிடம் வைத்துச் சூடு ஏற்றுங்கள். பிள்ளையை மடியில் மல்லாத்திப் படுக்க வைத்து, தோளுக்கடியில் மடித்த துண்டு ஒன்றைக் கொடுங்கள், தலை லேசாகப் பின்னால் சாயும். பாட்டில் நுனி மூக்கில் படாமல் ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு சொட்டு. ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள். தும்மலாம், விழுங்கவும் செய்யலாம், இரண்டும் நல்லதுதான். அப்புறம் நிமிர்த்தி, வெளியே வருவதை மெல்லிய துணியால் துடையுங்கள். வராவிட்டால் ரப்பர் குமிழ் உள்ள மூக்கு உறிஞ்சி இருக்கிறது. குமிழை முதலில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நுனியைத் துவாரத்தின் வாயில் மட்டும் வைத்து, மெதுவாக விடவேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் உறிஞ்சினால் மூக்கின் உள்தோல் வீங்கி அடைப்பு கூடும். சொட்டை மட்டும் தேவைப்படும்போதெல்லாம் போடலாம்.

எப்போது போடுகிறோம் என்பதும் முக்கியம். பால் கொடுப்பதற்குப் பத்து நிமிடம் முன்னாலும் தூங்குவதற்கு முன்னாலும் போடுங்கள். கைக்குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். மூக்கு அடைத்திருந்தால் பால் குடிக்க முடியாது, இரண்டு வாய் உறிஞ்சிவிட்டு அழும். 'பாலே பிடிக்கல' என்று பெற்றோர் பயப்படுவது பல சமயம் இந்த மூக்கடைப்புதான்.

அடுத்தது தேன். ஒரு வயது முடிந்த பிள்ளைக்கு மட்டும். தூங்கப்போவதற்கு அரைமணி நேரம் முன்னால் அரை டீஸ்பூன், அதாவது 2.5 மி.லி. ஐந்து வயதுக்கு மேல் ஒரு டீஸ்பூன் வரை போகலாம். தனியாக நக்க வைக்கலாம், வெதுவெதுப்பான நீரில் கலக்கவும் செய்யலாம். அப்புறம் ஒரு வாய் தண்ணீர் கொடுத்தால் பல்லுக்கு நல்லது. ராத்திரி இருமலைத் தேன் ஓரளவு குறைக்கிறது என்பதற்கு ஆய்வுகளே உண்டு, சிரப்புக்கு அந்த அளவுகூடச் சான்று இல்லை.

ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் விதைகள் இருக்கலாம். பெரியவர்களின் குடல் அதை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும். கைக்குழந்தையின் குடலில் அது முளைத்து நஞ்சை உண்டாக்கும், உடம்பு துவண்டு மூச்சுத் தசையே ஓய்ந்துபோகலாம். "இது கலப்படமில்லாத மலைத்தேன், குறும்பர்கள் பாறையிலிருந்து எடுத்தது" என்று சொல்லிப் பயனில்லை. சுத்தமான தேனிலும் அந்த விதை இருக்கலாம். காய்ச்சினாலும் சாகாது. அதுவும் நம் மலை உயரத்தில் தண்ணீர் நூறு டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும். பிறந்த குழந்தைக்கு நாக்கில் சேனை வைக்க மலைத்தேன் வாங்க வரும் பாட்டிகளோடு நான் போடாத சண்டை இல்லை.

குடிக்கக் கொடுப்பதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஆறு மாதத்துக்குள் தாய்ப்பால் மட்டும், ஆனால் அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாக. அதற்கு மேல் வெதுவெதுப்பான தண்ணீர், நீர்த்த கஞ்சி, காரம் குறைத்த மிளகு ரசம். சாப்பாடு இரண்டு நாள் குறைந்தால் பரவாயில்லை, சிறுநீர் வழக்கம்போலப் போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

காய்ச்சல் வந்து பிள்ளை துவண்டு கிடந்தால்தான் பாராசிட்டமால். முன்பு சொன்ன எடைக் கணக்கில், ஆறு மணி நேர இடைவெளியில், நாளைக்கு நான்கு முறைக்கு மேல் போகாமல். லேசான சூடோடு விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அதுவும் தேவையில்லை. சமையலறை ஸ்பூனை விட்டுவிட்டு ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து கொடுங்கள். பாராசிட்டமால் மூன்று விதமாக விற்கிறது: 5 மி.லி.யில் 120 அல்லது 125, 5 மி.லி.யில் 250, அப்புறம் ஒரு மி.லி.யிலேயே 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்து. அதே பத்து கிலோ பிள்ளைக்குச் சொட்டு மருந்தில் 1.5 மி.லி. போதும். சிரப் நினைப்பில் 3 மி.லி. கொடுத்தால் இரண்டு மடங்கு போய்விடும். மூன்று மாதத்துக்குக் கீழ் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

மலைக்கு வந்ததும் எல்லாரும் செய்கிற சில காரியங்கள்

முதலாவது தைலம். ஊட்டி ரோட்டில் நான்கு கடைக்கு ஒரு கடையில் யூகலிப்டஸ் தைலம் தொங்கும், நம் மலையின் பெயரையே தாங்கிய எண்ணெய். பெரியவர்கள் கைக்குட்டையில் விட்டு முகர்ந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையின் நெஞ்சில், மூக்கில், தலையணையில் எங்கும் வேண்டாம், கற்பூரம் கலந்த தைலமும் அப்படியே. நெடி மூச்சுக்குழாயை எரிச்சலூட்டிச் சளியைக் கூட்டும். வாயில் போனால் அது மருந்தல்ல, விஷம். சில மி.லி. உள்ளே போனாலே மயக்கமும் வலிப்பும் வரலாம். அலமாரியின் உயரத் தட்டில் பூட்டி வையுங்கள். தப்பித்தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். பாட்டிலோடு மருத்துவமனைக்குப் போங்கள்.

இரண்டாவது ஆவி பிடிப்பது. கொதிக்கும் பாத்திரமும் துள்ளுகிற பிள்ளையும் ஒரே போர்வைக்குள் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. ஆவி வேண்டும் என்றால் குளியலறைக் கதவைச் சாத்தி, சுடுதண்ணீரை வாளியில் திறந்துவிட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாளியிலிருந்து தள்ளிப் பத்து நிமிடம் நில்லுங்கள். பெரிதாகக் கேட்கும் என்று சொல்லமாட்டேன், ஆனால் சுடாது.

மூன்றாவது கரி அடுப்பு. உறைபனி நாளில் சன்னலை எல்லாம் சாத்திக்கொண்டு இரும்புச் சட்டியில் கரிக் கணப்பைப் படுக்கையறைக்குள் வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். புகை இருமலைக் கூட்டுவது ஒரு பக்கம். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, தூக்கத்திலேயே குடும்பத்தை முடித்துவிடும். சாம்பிராணிப் புகையும் சளி இருக்கும் வாரத்துக்கு வேண்டாம். மின்சார ஹீட்டர் என்றால் படுப்பதற்கு முன் அறையைச் சூடாக்கிவிட்டு நிறுத்துங்கள், சன்னலை ஒரு விரல்கடை திறந்து வையுங்கள். ஜனவரிக் காற்று வறண்டது, ஒரு ஈரத்துண்டைக் கொடியில் காயப்போட்டால் மூக்குக்கு இதம்.

நான்காவதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நடக்கிறது: பிராந்தி. 'ரெண்டு சொட்டுதானே' என்பார்கள். பிள்ளையின் ரத்தச் சர்க்கரையைக் கீழே தள்ளி மயங்க வைக்க அதிகம் தேவையில்லை. ஒரு சொட்டும் வேண்டாம்.

மூக்கு அடைத்த பிள்ளையோடு மேட்டுப்பாளையத்துக்கு இறங்குவதாக இருந்தால் ஒரு யோசனை. இறங்கும்போது காது அடைத்து வலிக்கும். கிளம்புமுன் உப்புநீர் போட்டு, இறங்குகிற வழியில் விழுங்கிக்கொண்டே இருக்கும்படி அவ்வப்போது நிறுத்திப் பால் கொடுங்கள். பெரிய பிள்ளை என்றால் தண்ணீர் உறிஞ்சக் கொடுங்கள்.

மூச்சை எண்ணப் பழகுங்கள்

சிரப் வேண்டாம் என்று சொல்வது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருங்கள் என்று சொல்வதாக ஆகிவிடக்கூடாது. சாதாரணச் சளியா, நிமோனியாவா என்பதை இருமல் சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. மூச்சின் வேகம்தான் சொல்லும்.

பிள்ளை தூங்கும்போதோ அமைதியாக மடியில் இருக்கும்போதோ ஸ்வெட்டரையும் பனியனையும் மேலே தூக்கி வயிறும் நெஞ்சும் தெரியும்படி வையுங்கள். போனில் ஒரு நிமிட டைமர் போட்டு, வயிறு எழும்புவதை ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கவேண்டாம், சிறு பிள்ளைகள் சீராக மூச்சு விடுவதில்லை. இரண்டு மாதத்துக்குள் நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் வந்தால் அது வேக மூச்சு. அழுதிருந்தாலோ காய்ச்சல் அடித்தாலோ எண்ணிக்கை கூடும், கொஞ்சம் ஆறவிட்டு இன்னொரு முறை எண்ணுங்கள். இரண்டாவது முறையும் அதே கணக்கு வந்தால் அன்றே மருத்துவரிடம் போகவேண்டும்.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் சில அறிகுறிகள் தெரிந்தால் காத்திருக்கக்கூடாது. மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழ் குழி விழுவது, முனகல், அமைதியாக இருக்கும்போதும் மூச்சை உள்ளிழுக்கையில் கரகரவென்ற சத்தம், உதடு நீலம் பாய்வது, பால் குடிக்க முடியாமல் போவது, எழுப்பினாலும் சரியாக விழிக்காதது, ஏழெட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது. மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே போதும். நன்றாக விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று இருமத் தொடங்கினால் அது சளியாக இல்லாமல், நிலக்கடலையோ பச்சைப் பட்டாணியோ மூச்சுக்குழாயில் போயிருக்கலாம். மூன்று நாளைத் தாண்டிய காய்ச்சல், மூன்று வாரத்தைத் தாண்டிய இருமல் இரண்டையும் ஆற அமரக் காட்டிக்கொள்ளலாம், ஆனால் காட்டவேண்டும்.

மலையில் இன்னொரு கணக்கும் உண்டு. ஆம்புலன்ஸ் 108-ஐ அழைத்தாலும் எஸ்டேட் லைன் வீட்டுக்கு வந்து சேர நேரம் ஆகும். ராத்திரியில் பனிமூட்டம், ரோட்டில் காட்டெருமை. சமவெளியில் 'காலையில் பார்த்துக்கலாம்' என்று விடுகிற நிலையை இங்கே மாலை நான்கு மணிக்கே முடிவு செய்துவிடுவது நல்லது. சந்தேகம் இருந்தால் இருட்டுவதற்கு முன் கிளம்பிவிடுங்கள்.

அன்று ராத்திரி அந்தத் தாய் உப்புநீர் போட்டு, அரை ஸ்பூன் தேன் கொடுத்து, ஸ்வெட்டரில் இரண்டைக் கழற்றிவிட்டுப் படுக்க வைத்திருக்கிறார். பதினொரு மணிக்கு எண்ணினாராம், 32. இரண்டு மணிக்கு இருமி எழுந்து, சளியோடு பாலையும் வாந்தி எடுத்து, மறுபடி தூங்கிவிட்டாளாம் பிள்ளை. விழுங்கிய சளி அப்படி வாந்தியில் வருவது வழக்கம்தான். காலையில் மருத்துவரைப் பார்த்துவிட்டுக் கடைக்கு வந்தார்கள். ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை, ஐந்து நிமிடம் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு அனுப்பிவிட்டார் என்று சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது. இருமல் முழுசாக நிற்கப் பதினாறு நாள் ஆனது. அதற்குள் இன்னொரு பாட்டில் உப்புநீர் வாங்கிப்போனார். ஆரஞ்சு சிரப்பை என் கடையிலேயே விட்டுவிட்டார்.